தி.நகருக்குப் போக வேண்டிய பொடி பெரம்பூர் போன கதை: கையால் எழுதிய லேபிளும் தெர்மல் லேபிளும்

அண்ணி மதுரையில் வீட்டிலிருந்தே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, மாங்காய் ஊறுகாய் செய்து விற்கிறார். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும். முகவரி எழுதி, ஒட்டி, தபால் கவுண்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. முதல் நான்கு மாதம் எல்லாமே கையெழுத்துதான். பாதி ஏ4 தாள், பால்பாயிண்ட் பேனா, மேலே செல்லோ டேப்.

ஒரு நாள் தி.நகர் வாடிக்கையாளர் ஒருவருக்கு அரைக் கிலோ பொடி அனுப்பினோம். மூன்றாம் நாள் போய்ச் சேர வேண்டியது சேரவில்லை. ட்ராக்கிங்கைப் பார்த்தால் பார்சல் பெரம்பூர் அஞ்சலகத்தில் இருந்தது. தி.நகரின் பின்கோடு 600017, பெரம்பூருடையது 600011. அனுப்புவதற்கு முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் 7-இன் தலைக்கோடு அரிசி அளவுக்குக்கூட இல்லை. கவுண்டரில் இருந்தவர் 1 என்று படித்ததில் அவர் தப்பு ஒன்றுமில்லை. அங்கிருந்து திருப்பி அனுப்பி, தி.நகர் போய்ச் சேர ஏழு நாள் ஆனது.

அண்ணி கோபப்படவில்லை. "தம்பி, உங்க எழுத்து டாக்டர் எழுத்து மாதிரி இருக்கு. ஒரு மெஷின் வாங்கிடலாமா?" என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னது, மை இல்லாமல் சூட்டாலேயே லேபிள் அச்சடிக்கும் தெர்மல் பிரிண்டரை. வாங்குவதற்கு முன் கணக்குப் பார்த்தேன். வாங்கிய பிறகு வேறு மாதிரிச் சிக்கல்கள் வந்தன. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஸ்கேன் ஆனாலும் தவறான இடத்துக்குப் போகும்

கையால் எழுதிய பார்சல் என்றால் அதில் பார்கோடு இருக்காது, அதனால் ஸ்கேன் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஸ்பீடு போஸ்ட்டில் கவுண்டரிலேயே ஒரு பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். அது நன்றாக அச்சிட்ட ஸ்டிக்கர். நாங்கள் கையால் எழுதி அனுப்பிய பார்சல் எதுவும் பார்கோடு ஸ்கேன் ஆகவில்லை என்பதற்காக நின்றதில்லை. தி.நகர் பார்சலும் ஒவ்வொரு இடத்திலும் அழகாக ஸ்கேன் ஆகித்தான் பெரம்பூர் போய்ச் சேர்ந்தது.

ஏன் என்று பார்க்க அந்த ஸ்டிக்கரில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN, மொத்தம் 13. உலக அஞ்சல் ஒன்றியத்தின் S10 என்ற தரப்படி அமைந்த எண் இது. ஒன்பது இலக்கத்தில் முதல் எட்டுதான் வரிசை எண். ஒன்பதாவது, அந்த எட்டும் சரியா என்று சோதிக்கும் இலக்கம்.

வரிசை எண் 12345678 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இலக்கத்தையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 204 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றிலிருந்து ஆறைக் கழித்தால் 5. அதுதான் சோதனை இலக்கம். (கழித்த பிறகு 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று வைத்துக்கொள்வார்கள்.) ஆக முழு எண் ER123456785IN போல இருக்கும். இப்போது யாரோ அதில் உள்ள 7-ஐ 1 என்று படித்துத் தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 150 ஆகிவிடும், சோதனை இலக்கம் 4 ஆக வேண்டும். எண்ணிலோ 5 இருக்கிறது. இதைச் சரிபார்க்கும் கணினி அங்கேயே எண் தவறு என்று சொல்லிவிடும்.

பின்கோடில் இந்த ஏற்பாடு கிடையாது. ஆறு இலக்கமும் ஊரைக் குறிப்பவைதான், சோதனைக்கென்று ஒன்று இல்லை. 600017-ம் சரியான பின்கோடு, 600011-ம் சரியான பின்கோடு. மதுரைப் பக்கம் 625 என்று தொடங்கும், விருதுநகர்ப் பக்கம் 626. ஒரு 5-இன் வயிறு மூடிக்கொண்டால் பார்சல் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும்.

பார்கோடின் குணம் இதற்கு நேர் எதிர். கூரியர் லேபிள்களில் அதிகம் வரும் கோட் 128 வகையில் கடைசிக் கோட்டுத்தொகுதிக்கு முன்னால் ஒரு சோதனைக் குறி இருக்கிறது. முன்னால் உள்ள எல்லாவற்றையும் எடையிட்டுக் கூட்டி 103-ஆல் வகுத்த மீதி அது. கோடு மங்கியிருந்தால் ஸ்கேனர் அனேகமாக வேறு எண்ணைக் கொடுக்காது, ஒன்றும் கொடுக்காமல் நின்றுவிடும். கையெழுத்துத் தவறு சத்தமில்லாமல் ஏழு நாள் பயணம் செய்யும். பார்கோடு கெட்டால் பிக்கப் எடுக்க வந்தவர் வாசலிலேயே சொல்லிவிடுவார். எனக்கு இரண்டாவது வகைத் தவறு பிடித்திருக்கிறது.

எங்கள் முகவரி எத்தனை முறை நகலெடுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பிலிருந்து நான் தாளில் எழுதுகிறேன், தாளிலிருந்து கவுண்டரில் தட்டுகிறார்கள். இரண்டு கை. பல கூரியர்களை ஒரே இடத்தில் புக் செய்யும் தளத்துக்குப் போனால் வாட்ஸ்அப் முகவரியை காப்பி செய்து ஒட்டுவதோடு சரி. பின்கோடு அங்கேயே கூரியர் எண்ணோடு சேர்ந்துவிடுகிறது, லேபிளில் அதை யாரும் படித்துத் தட்ட வேண்டியதில்லை. வாடிக்கையாளரே தவறான பின்கோடு கொடுத்திருந்தால் தெர்மல் பிரிண்டர் அதையும் அழகாக அச்சடித்துத் தரும். அதற்கு ஒரே வழி, பின்கோடைத் தட்டியதும் தளம் காட்டும் ஊர்ப் பெயர் முகவரியில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது.

செலவு

நாங்கள் வாங்கிய விலைகள் இவை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும்.

கையெழுத்துக்கு: 500 தாள் உள்ள ஏ4 கட்டு 300 ரூபாய், பாதித் தாளுக்கு 30 காசு. 65 மீட்டர் டேப் 45 ரூபாய், ஒரு லேபிளை மூட 40 சென்டிமீட்டர் போனால் 28 காசு. பேனாவுக்கு 5 காசு. மொத்தம் 63 காசு.

தெர்மலுக்கு: 100 × 150 மில்லிமீட்டர் லேபிள் 500 உள்ள ரோல் 450 ரூபாய், ஒன்றுக்கு 90 காசு. வீணாகும் லேபிளுக்கு 5 காசு சேர்த்தால் 95. மை கிடையாது, ரிப்பன் கிடையாது. பிரிண்டர் 7,800 ரூபாய். மூன்று வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 217.

ஆக, காகிதத்தை மட்டும் பார்த்தால் தெர்மல்தான் விலை கூட. "லேபிள் செலவு மிச்சம்" என்று விற்பவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். மிச்சமாவது நேரம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அனுப்புநர், பெறுநர், இரண்டு போன் எண், மறுபடி ஒரு முறை சரிபார்ப்பு, டேப் ஒட்டுவது எல்லாம் சேர்த்துப் பத்துப் பார்சலுக்கு 30 நிமிடம் ஆனது. தெர்மலில் காப்பி செய்து, அச்சடித்து, உரித்து ஒட்டப் பார்சலுக்கு 40 விநாடி. பார்சலுக்கு 2 நிமிடம் 20 விநாடி மிச்சம்.

இந்த நேரத்துக்கு என்ன விலை? பேக்கிங்குக்கு வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மணிக்கு 60 ரூபாய் கொடுக்கிறோம், நிமிடத்துக்கு ஒரு ரூபாய். அந்தக் கணக்கில் பார்சலுக்கு 2 ரூபாய் 33 காசு மிச்சம். அதிலிருந்து லேபிளுக்குக் கூடுதலாகப் போகும் 32 காசைக் கழித்தால் 2 ரூபாய் ஒரு காசு. பிரிண்டரின் மாதச் செலவு 217-ஐ இதால் வகுத்தால் 108. மாதம் 108 பார்சலுக்கு மேல் போனால்தான் மெஷின் தன் விலையைத் தானே ஈட்டும். ஞாயிறு விட்டுப் பார்த்தால் நாளைக்கு நான்கு சொச்சம்.

எங்களுக்கு அப்போது நாளைக்குப் பன்னிரண்டு போய்க்கொண்டிருந்தது, மாதம் 300. பிரிண்டர் செலவு போக மாதம் சுமார் 385 ரூபாய் கையில் நின்றது. பெரிய தொகை இல்லை. ஆனால் மாதத்தில் பதினொன்றரை மணி நேரம் என் கைக்குத் திரும்பி வந்தது. திரும்பி வரும் பார்சல்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஒரு பார்சல் சுற்றித் திரும்பி வந்தால் போக்குவரத்துக் கட்டணமும் போகும், உள்ளே இருக்கும் பொடியையும் மறுபடி விற்க முடியாது. மாதம் ஒன்று குறைந்தாலே கணக்கு இன்னும் முன்னாலேயே சரியாகிவிடும்.

நாளைக்கு இரண்டு மூன்று பார்சல்தான் என்றால் நான் மெஷின் வாங்கச் சொல்ல மாட்டேன். ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்டரில் ஏ4 தாளுக்கு நான்கு லேபிளாக எடுத்து வெட்டி ஒட்டினால் போதும். சாதாரண தெர்மல் பிரிண்டர் அங்குலத்துக்கு 203 புள்ளி அடிக்கும், ஆபீஸ் லேசர் 600 அடிக்கும். பார்கோடு அதில் இன்னும் சுத்தமாகவே விழும். இங்க்ஜெட்டில் மட்டும் எடுக்க வேண்டாம். மழைத்துளி பட்டால் கோடுகள் கரைந்துவிடும். ஜெல் பேனாவுக்கும் இதே கதி, அதனால்தான் கையால் எழுதினால் பால்பாயிண்ட்.

பதினான்கில் ஐந்து

மெஷின் வந்த முதல் வாரம். பிக்கப் பையன் பதினான்கு பார்சலை ஸ்கேன் செய்தார். ஐந்து ஸ்கேன் ஆகவில்லை. "அண்ணா, இது அடிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, கோட்டுக்குக் கீழே இருந்த எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினார். கண்ணுக்கு எல்லா லேபிளும் ஒரே மாதிரி, கன்னங்கரேலென்று இருந்தன. ஒரே மெஷின், ஒரே ரோல், ஒரே நாள். ஒன்பது ஸ்கேன் ஆகிறது, ஐந்து ஆகவில்லை என்றால் என்ன அர்த்தம்?

விடை கிடைக்க இரண்டு நாள் ஆனது. கூரியர் தளம் தரும் பிடிஎஃப் சரியாக 4 × 6 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர் அகலம். கடையில் "நாலுக்கு ஆறு" என்று விற்கும் எங்கள் ரோல் 100 மில்லிமீட்டர்தான். பிரிண்ட் பெட்டியில் Fit to page என்று இருந்ததால் கணினி படத்தை 1.6 சதவீதம் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. எழுத்தில் இது தெரியாது. பார்கோடில் தெரியும்.

203 புள்ளி என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. தெர்மல் பிரிண்டரின் அச்சுத் தலையில் ஒவ்வொரு புள்ளியும் சூடாகும் அல்லது ஆகாது, அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. எங்கள் கூரியர் எண் 14 இலக்கம். கோட் 128-இல் இரண்டிரண்டு இலக்கமாகப் போட்டால் மிக மெல்லிய கோட்டின் அகலத்தைப் போல 112 மடங்கு நீளம் வரும். மெல்லிய கோடு 2 புள்ளி என்றால் மொத்தம் 224 புள்ளி, 28 மில்லிமீட்டர். அதை 1.6 சதவீதம் சுருக்கினால் 220 புள்ளிதான் இருக்கும். காணாமல் போன நான்கு புள்ளியும் எங்கோ நான்கு இடத்தில் பிடுங்கப்பட வேண்டும். அது அகலமான கோட்டில் விழுந்தால் ஸ்கேனர் பொறுத்துக்கொள்ளும். இரண்டே புள்ளி உள்ள மெல்லிய கோட்டிலோ மெல்லிய இடைவெளியிலோ விழுந்தால் அது பாதியாகிவிடும், அந்தக் குறியை ஸ்கேனரால் படிக்க முடியாது. எந்த இடத்தில் எந்தக் கோடு வரும் என்பது எண்ணைப் பொறுத்தது. அதனால்தான் சில எண்கள் ஸ்கேன் ஆயின, சில ஆகவில்லை.

Actual size என்று மாற்றியதும் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. 1.6 மில்லிமீட்டர் ஓரத்தில் வெட்டுப்படும், ஆனால் அங்கே வெள்ளை மட்டும்தான் இருந்தது. தளத்தில் லேபிள் அளவைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் ரோலின் அளவையே கொடுப்பது இன்னும் நல்லது.

மீதி இருந்த சில்லறைத் தொல்லைக்குக் காரணம் சூடு. கறுப்பு நன்றாக விழட்டும் என்று Density-யை மேலே ஏற்றி வைத்திருந்தேன். சூடு அதிகமானால் கோடு இரண்டு பக்கமும் பூத்து, நடுவில் உள்ள வெள்ளை இடைவெளி குறுகிவிடும். போன் கேமராவில் பெரிதாக்கி, மிக மெல்லிய கறுப்புக் கோட்டையும் மிக மெல்லிய வெள்ளை இடைவெளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் சரி. வெள்ளை மெலிந்திருந்தால் சூட்டைக் குறைக்க வேண்டும், கறுப்பு சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் கூட்ட வேண்டும். வேகத்தை ஒரு படி குறைத்தாலும் நன்றாக விழும்.

இன்னொன்றும் கவனியுங்கள். லேபிளில் நீளவாக்கில், தாள் வெளியே வரும் திசையில், எப்போதும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைக் கீறல் வந்தால் தலையில் தூசியோ பசையோ ஒட்டியிருக்கிறது, அல்லது ஒரு புள்ளி செத்துவிட்டது. மெஷினை அணைத்து, ஆறவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கலாம். துடைத்தும் போகவில்லை என்றால், பார்கோடின் கோடுகள் அந்தக் கீறலுக்குக் குறுக்காக விழும்படி பார்கோடைத் திருப்பி வைக்கும் வசதி தளத்தில் இருந்தால் அப்படி அடிக்கலாம். கீறல் எல்லாக் கோட்டையும் ஓரிடத்தில் வெட்டிப் போகும், ஆனால் எந்தக் கோடும் முழுதாகக் காணாமல் போகாது.

மஞ்சளும் நல்லெண்ணெயும்

எங்கள் வியாபாரத்தில் லேபிளுக்கு வரும் எதிரி மழை இல்லை, எண்ணெய். தெர்மல் தாளில் மை கிடையாது. நிறமற்ற சாயமும் அதை நிறமாக்கும் அமிலமும் தாளின் மேல்பூச்சிலேயே கலந்திருக்கின்றன, சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து கறுப்பாகின்றன. எண்ணெய் பட்டால் அந்தச் சேர்க்கை கலைகிறது, கறுப்பு வெளுக்கிறது. போதாததற்கு எண்ணெய் ஊறிய வெள்ளைத் தாள் கண்ணாடி போலாகி அட்டைப் பெட்டியின் பழுப்பைக் காட்டுகிறது. கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தால் ஸ்கேனருக்கு என்ன மிஞ்சும்?

வேடிக்கை என்னவென்றால், அண்ணி பயந்தது மஞ்சளுக்கு. பொடி அடைத்த கையோடு லேபிளைத் தொட்டால் மஞ்சள் விரல் அடையாளம் விழும். அது ஒன்றும் செய்யவில்லை. பல ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிப்பவை. சிவப்பு ஒளியில் மஞ்சள், வெள்ளையைப் போலவே பளிச்சென்று தெரியும். அதே காரணத்தால் சிவப்பு மையில் அச்சடித்த கோடு அவற்றின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கையால் எழுதிய காலத்துப் பழக்கத்தில் தெர்மல் லேபிள் மேலும் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதையும் விட்டுவிட்டேன். டேப்பின் பளபளப்பு ஸ்கேனரின் ஒளியைத் திருப்பி அடிக்கிறது, சுருக்கம் விழுந்தால் கோடு வளைகிறது, சில பசைகள் நாளாக ஆக அச்சையே மங்கவைக்கின்றன. சமையலறை கிளிங் ஃபிலிம் சுற்றுவது அதைவிட மோசம். பிவிசி வகைப் படலத்தில் உள்ள மென்மையாக்கும் எண்ணெய்ப் பொருளுக்கும் தெர்மல் பூச்சுக்கும் ஆகாது. ரோலை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். எங்கள் இரண்டாவது ரோல் அடுப்பு மேடைக்கு மேலிருந்த பரணில் இருந்தது. மூன்று வாரத்தில் வெளிச்சுற்று ஓரமெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. இப்போது பீரோவுக்குள், புடவைகளுக்குக் கீழே இருக்கிறது.

சிறிய ஊறுகாய்ப் பெட்டியில் லேபிள் முகத்தைவிடப் பெரிதாக இருக்கும். பார்கோடு முழுதாகத் தட்டையான மேல்முகத்தில் வரும்படி ஒட்டி, அனுப்புநர் முகவரி உள்ள அடிப்பகுதியைப் பக்கவாட்டில் மடித்துவிடுகிறேன். முனையில் மடிந்த பார்கோடை எந்த ஸ்கேனரும் படிக்காது. தமிழில் முகவரி அச்சடிப்பவர்கள் எழுத்தளவை 10 புள்ளிக்குக் கீழே இறக்க வேண்டாம். 203 புள்ளி மெஷினில் ணு, ளு, னை எல்லாம் சுழி அடைத்துக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும்.

போன மாதம் ஒரு ஊறுகாய் பாட்டில் வழியில் கசிந்தது. பெட்டியின் மேல்முகத்தில் இருந்த லேபிள் பாதி வெளுத்துப்போய், கடைசிக் கிளையில் ஸ்கேனும் ஆகவில்லை, கீழே இருந்த எண்ணும் படிக்க முடியவில்லை. வாடிக்கையாளருக்கு நான் அனுப்பியிருந்த கூரியர் எண்ணைக் கேட்டு வாங்கித்தான் அவர்கள் தேடி எடுத்தார்கள். அன்றிலிருந்து ஊறுகாய்ப் பெட்டிகளுக்கு மட்டும், லேபிள் ஒட்டிய பிறகு, பக்கவாட்டு அட்டையில் கூரியர் எண்ணையும் பின்கோடையும் பால்பாயிண்ட்டில் பெரிதாக எழுதிவிடுகிறேன். பின்கோடுக்கு ஆறு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு இலக்கம். 7-க்குத் தலைக்கோடு நீளமாக.